சுவிட்ச் பெட்டிக்குள் வராத அந்தக் கறுப்பு ஒயர்

ஆசையாக ஒரு ஸ்மார்ட் சுவிட்சை வாங்கி வந்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னவர்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அவர் பழைய போர்டின் நான்கு திருகுகளைக் கழற்றி, முன்தட்டை இழுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார். பிறகு, "இதுல நியூட்ரல் வரலையே சார்" என்பார். நமக்குக் குழப்பமாக இருக்கும். இத்தனை வருஷமாக அந்த சுவிட்சைப் போட்டால் லைட் எரிந்ததே, நியூட்ரல் இல்லாமலா எரிந்தது?

நியூட்ரல் வீட்டில் இருக்கிறது, ஆனால் அது சுவிட்சுக்கு வரவில்லை. நேராக லைட்டுக்குப் போய்விட்டது. விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

ஒரு லைட் எரிய இரண்டு ஒயர் வேண்டும். ஒன்று பேஸ், இன்னொன்று நியூட்ரல். மின்சாரம் பேஸ் வழியாக வந்து, லைட்டுக்குள் புகுந்து, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. இந்தப் பாதையை ஓர் இடத்தில் வெட்டி விட்டாலே லைட் அணைந்துவிடும். அப்படி வெட்டுவதும் சேர்ப்பதும்தான் சுவிட்சின் ஒரே வேலை. அணைத்த பிறகு ஹோல்டரில் உயிர் இருக்கக் கூடாது என்பதால் பேஸ் பக்கத்தில் வெட்டுவது விதி. ஆகவே சுவிட்ச் பெட்டிக்குள் பேஸ் ஒயர் ஒன்று இறங்கி வரும், லைட்டுக்கு ஒரு ஒயர் ஏறிப் போகும். மேலே ஜங்ஷன் பாக்ஸ் வழியாக லைட்டுக்குப் போகும் நியூட்ரலைக் கீழே சுவிட்ச் வரை இறக்கி மறுபடி ஏற்ற எந்தத் தேவையும் இல்லை. செம்பு விலை கொடுத்து வாங்குவது. வீணாக எட்டடி ஒயரை யார் இழுப்பார்கள்? பழைய வயர்மேன்கள் செய்தது சரியான வேலைதான். அன்றைய சுவிட்ச் வெறும் பித்தளைத் துண்டு, அது தனக்கென்று மின்சாரம் எதுவும் கேட்கவில்லை.

ஸ்மார்ட் சுவிட்ச் கேட்கிறது. அதற்குள் ஒரு சின்னக் கணினிச் சில்லும், வைஃபை அல்லது ஜிக்பீ ரேடியோவும், லைட்டைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு ரிலேவும் இருக்கின்றன. நீங்கள் கட்டிலில் படுத்தபடி போனில் தட்டும் கட்டளையைக் கேட்க அந்த ரேடியோ இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். லைட் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் 'எரி' என்ற கட்டளை வரும். வைஃபை சுவிட்ச் ஒன்று இதற்காகச் சுமார் அரை வாட்டிலிருந்து ஒரு வாட் வரை தின்னும். ஒரு வாட் என்று வைத்தால் ஆண்டுக்கு ஒன்பது யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சின்ன அளவுதான், ஆனால் அது விடாமல் வர வேண்டும். விடாமல் வர வேண்டுமானால் சுவிட்சுக்கே பேஸும் நியூட்ரலும் சேர்ந்த முழுப் பாதை வேண்டும். அதனால்தான் அதன் முதுகில் 'எல்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'என்' என்ற எழுத்தோடு இன்னொரு திருகு இருக்கிறது.

'நியூட்ரல் தேவையில்லை' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த சுவிட்சுகளும் விற்கின்றனவே என்று கேட்கலாம். அவை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், எங்கே வாங்கலாம், எங்கே வாங்கக் கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

அவை லைட்டையே தங்கள் நியூட்ரலாகப் பயன்படுத்துகின்றன. லைட் 'அணைந்திருக்கும்' நேரத்தில் பாதையை முழுவதும் வெட்டாமல், தன் வயிற்றுக்கு வேண்டிய சில மில்லி ஆம்பியரை லைட் வழியாகவே நியூட்ரலுக்குக் கசிய விடுகின்றன. குண்டு பல்பு காலத்தில் இது அருமையாக நடந்தது. 60 வாட் குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை நூறு ஓமுக்கும் கீழே. இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் அதன் வழியாகப் போனால் இழைக்குத் தெரியவே தெரியாது.

எல்.இ.டி. பல்பு அப்படியல்ல. அதன் அடிப்பாகத்தில், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றிச் சேமிக்கும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. கசியும் மின்சாரம் அதில் சேருகிறது. சொட்டும் குழாய்க்கடியில் வைத்த குவளை நிறைந்து வழிவதுபோல, கெப்பாசிட்டர் ஓர் அளவுக்கு நிறைந்ததும் பல்பின் சர்க்யூட் விழித்துக்கொண்டு ஒரு பளிச்சிடல். சேர்ந்தது தீர்ந்ததும் இருட்டு. மறுபடி சேருகிறது, மறுபடி பளிச்சிடல். இருட்டான படுக்கையறையில் சில நொடிக்கு ஒருமுறை விளக்கு கண் சிமிட்டினால் தூக்கம் போய்விடும். சில பல்புகள் சிமிட்டாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். இருட்டில் இடம் தெரிய சிவப்புப் பொட்டு எரியும் சாதாரண சுவிட்ச் இருக்கிறதே, அதை அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிவதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொட்டும் லைட் வழியாகத்தான் மின்சாரம் திருடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

இதற்கு மருந்தாகச் சில நிறுவனங்கள் அந்தப் பெட்டியிலேயே ஒரு சின்னப் பொருளைப் போட்டுத் தருகின்றன. அதை லைட்டின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே, ஹோல்டர் அல்லது சீலிங் ரோஸ் பக்கம் மாட்ட வேண்டும். கசியும் மின்சாரம் பல்புக்குள் போகாமல் அதன் வழியாகப் போய்விடும். பலரும் இதைத் தெரியாமல் சுவிட்ச் பெட்டிக்குள் மாட்டிவிட்டு, சிமிட்டல் நிற்கவில்லை என்று சுவிட்சைத் திருப்பி அனுப்புகிறார்கள். அது இருக்க வேண்டிய இடம் லைட்டின் பக்கம்.

லைட் எரியும்போது வேறொரு சிக்கல். சுவிட்ச் முழுவதும் மூடியிருந்தால் அதன் இரண்டு முனைக்கும் இடையே மின்னழுத்தமே இருக்காது, அதற்குச் சாப்பாடு கிடைக்காது. எனவே அலை ஒவ்வொரு முறை எழும்பும்போதும் நூலிழை நேரம் திறந்து, தனக்கு ஒரு வாய் எடுத்துக்கொண்டு மூடுகிறது. லைட் மிகச் சின்னதாக இருந்தால் அந்த ஒரு வாய்கூடக் கிடைக்காமல் சுவிட்ச் மயங்கி மயங்கி விழித்தெழும். லைட் படபடக்கும், அல்லது போனில் சுவிட்ச் 'தொடர்பில் இல்லை' என்று காட்டும். அதனால்தான் இந்த வகைச் சுவிட்சுகளுக்குக் குறைந்தபட்ச வாட் என்று ஓர் எண் குறிப்பேட்டில் இருக்கும். பூஜையறை மூன்று வாட் பல்புக்கு இவை ஒத்துவராமல் போக அதுவே காரணம். மின்விசிறிக்கு இவற்றைப் போடவே வேண்டாம் என்பேன். சாதாரண ஃபேன் சுருள்களால் ஆனது, பி.எல்.டி.சி. ஃபேனோ தனக்குள் ஒரு கணினியே வைத்திருக்கிறது. இரண்டுமே இந்தக் கசிவையும் நூலிழை வெட்டையும் விரும்பாதவை.

ஆக, முடிந்த இடத்தில் நியூட்ரலைக் கொண்டுவருவதே நல்ல வழி. நம்மூர் வீடுகளில் அது பலர் நினைப்பதைவிடச் சுலபம். வீட்டில் நியூட்ரல் இருக்கிறதா என்று கேட்பதே தவறான கேள்வி. ஒவ்வொரு போர்டாகக் கேட்க வேண்டும்.

போர்டைக் கழற்றாமலே பாதி விடை தெரியும். அந்த போர்டில் ப்ளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரல் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் ப்ளக்கில் சொருகும் சாமான் எதுவானாலும் அதற்கு இரண்டும் வேண்டும். கரண்ட் இருப்பதைக் காட்ட தனியாக ஒரு இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தாலும் நியூட்ரல் இருக்கிறது என்றே பொருள். ஃபேன் ரெகுலேட்டர் இருப்பது எதையும் நிரூபிக்காது. அது சுவிட்சைப் போலவே பேஸ் பாதையில் நடுவே உட்கார்ந்திருப்பது. நம் வீடுகளில் ஹாலிலும் படுக்கையறையிலும் ஒரே போர்டில் நான்கைந்து சுவிட்சும் ஒரு ப்ளக்கும் சேர்ந்திருப்பது வழக்கம் என்பதால், முக்கியமான அறைகளில் பெரும்பாலும் பிரச்சினையே இருக்காது. அமெரிக்காவில் சுவிட்சுக்கென்று தனிப் பெட்டியும் ப்ளக்குக்கென்று தனிப் பெட்டியும் வைத்துக் கட்டுவார்கள். அதனால் அங்கே இந்தத் தலைவலி வீடெங்கும் இருந்தது. அந்நாட்டின் தேசிய மின்விதித் தொகுப்பு 2011 பதிப்பில், விளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிகளில் சில விலக்குகளோடு நியூட்ரலும் இருக்க வேண்டும் என்று ஒரு விதியே சேர்த்தார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகள் இன்னும் தவிக்கின்றன.

நம்மூரில் தவிப்பது தனி சுவிட்சுகள். வாசல் லைட், மாடிப்படி லைட், குளியலறைக்கு வெளியே இருக்கும் ஒற்றை சுவிட்ச், ஸ்டோர் ரூம். தஞ்சாவூர்ப் பக்கம் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். கட்டி நாற்பது வருஷத்துக்கு மேலான வீடு, பிற்பாடு சுவருக்குள் பைப் புதைத்து ஒயரிங் மாற்றியது. முழங்கால் வலியால் அவருக்கு ராத்திரி எழுந்து வாசல் லைட்டை அணைப்பது சிரமம். படியேறும் முன் மாடி லைட்டும் எரிய வேண்டும். "கட்டில்லேர்ந்தே அணைக்கிற மாதிரி பண்ணிக் கொடுடா" என்றார். ஹால் போர்டில் ப்ளக் இருந்தது, அங்கே சிக்கல் இல்லை. வாசல் சுவிட்சும் மாடிப்படி சுவிட்சும்தான் வேலை வாங்கின.

வாசல் சுவிட்சைக் கழற்றியபோது உள்ளே இரண்டு ஒயர், இரண்டுமே சிவப்பு. இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் நிறத்தை நம்பக் கூடாது. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது முறை, ஆனால் கையில் இருந்த சுருளைக் கொண்டே முழு வீட்டையும் முடித்த வயர்மேன்கள் உண்டு. வெளிநாட்டுக் குறிப்பேட்டைப் பார்த்து நீல ஒயரை நியூட்ரல் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. நம் வழக்கத்தில் த்ரீ பேஸ் இணைப்பில் நீலம் ஒரு பேஸ். டெஸ்டரையும் பாதிதான் நம்பலாம். டெஸ்டர் எரிந்தால் பேஸ் என்று சொல்லலாம், எரியாத ஒயர் நியூட்ரல் என்று சொல்ல முடியாது. அது எர்த்தாக இருக்கலாம், அறுந்த ஒயராகவும் இருக்கலாம், அணைந்த லைட்டுக்குப் போகும் ஒயராகவும் இருக்கலாம். எலக்ட்ரீஷியன் முருகேசு அண்ணன் மல்டிமீட்டரை வைத்து, பேஸுக்கும் சந்தேக ஒயருக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்டுகிறதா என்று பார்த்தார். அது காட்டினாலும் எர்த்தாக இருக்கக்கூடும் என்பதால், மெயினை அணைத்துவிட்டு அந்த ஒயர் எங்கே போய்ச் சேருகிறது என்று ஜங்ஷன் பாக்ஸ் வரை தொடர்ந்து பார்த்தார். அதுதான் உறுதியான வழி.

இன்னொன்றையும் அவர் சோதித்தார். வாசல் சுவிட்சை அணைத்துவிட்டு லைட் ஹோல்டரில் டெஸ்டர் வைத்தார். எரியவில்லை. எரிந்திருந்தால் யாரோ ஒரு காலத்தில் சுவிட்சை நியூட்ரல் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய வீடுகளில் இது அபூர்வமில்லை. அப்படியிருந்தால் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இருக்கும், பேஸ் இருக்காது. முதலில் அதைச் சரிசெய்த பிறகே மற்றதைப் பற்றிப் பேச வேண்டும்.

வாசல் சுவிட்சுக்கு மேலே, கூரையை ஒட்டி, வட்டமாக ஒரு மூடி. ஜங்ஷன் பாக்ஸ். அதைத் திறந்தபோது, வாசல் லைட்டுக்குப் போகும் நியூட்ரல் அங்கே முடிச்சுப் போட்டு டேப் சுற்றிக் கிடந்தது. சுவிட்சில் இல்லாத ஒயர் நாலைந்து அடி மேலே காத்திருந்தது. நம்மூர்ப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். அந்தப் பைப்புக்குள் ஏற்கெனவே இருந்த ஒயர்களில் ஒன்றின் நுனியில் புதிய கறுப்பு ஒயரையும் ஒரு புதிய சிவப்பு ஒயரையும் சேர்த்துக் கட்டி, கீழிருந்து ஒருவர் தள்ள மேலிருந்து ஒருவர் இழுத்தார்கள். பழைய ஒயர் வெளியே வர, புதிய இரண்டும் உள்ளே போயின. ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் லைட்டுக்குத் தாராளம். வேலை அரை மணிக்குள் முடிந்தது. எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. பைப்புக்குள் சிமெண்ட் இறங்கி அடைத்திருக்கும், வளைவுகள் இரண்டு மூன்று இருக்கும், அல்லது துணி சுற்றிய பழைய ரப்பர் ஒயர் தொட்டாலே உதிரும். ரப்பர் உதிர்கிறது என்றால் ஸ்மார்ட் சுவிட்சை மறந்துவிட்டு வீட்டுக்கு ஒயரிங் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். மரச்சட்டத்தில் கிளிப் அடித்து வெளியே ஓடும் ஒயரிங் உள்ள வீடுகளில் கவலையே இல்லை. பக்கத்தில் ஒரு பி.வி.சி. கேசிங் ஓட்டி ஒரு ஒயரை இறக்கிவிடலாம்.

மாடிப்படியில் இது நடக்கவில்லை. கீழே ஒன்று மேலே ஒன்று என இரண்டு டூ-வே சுவிட்ச், இரண்டுக்கும் நடுவே இரண்டு ஒயர். பேஸ் கீழ் சுவிட்சில் வந்து, மேல் சுவிட்சிலிருந்து லைட்டுக்கு ஏறியது. இரண்டு பெட்டியிலும் நியூட்ரல் இல்லை, பைப்பிலோ இனியொரு ஒயருக்கு இடமில்லை. இங்கே முருகேசு அண்ணன் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வழி. கீழ்ப் பெட்டியில் பேஸை, இடையில் ஓடும் இரண்டு ஒயர்களில் ஒன்றோடு நேரடியாகச் சேர்த்தார். மேல் பெட்டியில் அதே ஒயரை லைட் ஒயரோடு சேர்த்தார். மிச்சமிருந்த ஒயரின் இரு நுனியையும் மூடிவிட்டார். இப்போது லைட்டுக்கு எப்போதும் பேஸ் போகிறது, நியூட்ரல் அங்கே ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. சுவிட்சில் கிடைக்காத ஜோடி கூரையில் முழுதாகக் கிடைத்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்மார்ட் ரிலேவை லைட்டின் வட்டப் பெட்டிக்குள் வைத்து, அதன் வழியாக லைட்டை எரிய விட்டார். சுவரில் பழைய சுவிட்சுகள் இருந்த இரண்டு இடத்திலும் சின்ன பேட்டரியில் ஓடும் ஒயரில்லா பொத்தான்கள். பெரியம்மாவுக்குக் கை பழகிய இடத்தில்தான் சுவிட்ச் இருக்கிறது, படுக்கையிலிருந்தும் அணைக்கலாம்.

இந்த வழியில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இனி அந்த லைட்டில் எப்போதும் உயிர் இருக்கும். பல்பு மாற்ற வேண்டுமானால் சுவரில் பொத்தானை அமுக்கிவிட்டு ஏறக் கூடாது, எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஏற வேண்டும். இதைப் பேனாவால் எழுதி டி.பி. மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தோம். அடுத்து, சூடு. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் பல்போடு ரிலேவையும் திணித்தால் அது சீக்கிரம் செத்துப்போகும். பல்பிலிருந்து தள்ளி, சீலிங் பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

இனி, எது செய்யக் கூடாது என்பது. சுவிட்ச் பெட்டியில் பச்சை எர்த் ஒயர் இருக்கிறது, நியூட்ரல் இல்லை. "எர்த்தும் நியூட்ரலும் கடைசியில ஒண்ணுதானே" என்று சொல்லி எர்த்தை 'என்' திருகில் மாட்டிவிடும் ஆட்கள் உண்டு. சுவிட்ச் வேலை செய்யும். வேலை செய்கிறது என்பதுதான் இதன் ஆபத்து. சுவிட்ச் தின்னும் சில மில்லி ஆம்பியர் இப்போது எர்த் வழியாகப் போகிறது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் ஒரு சுவிட்சுக்கு அது பேசாமல் இருக்கும். நாலைந்து சுவிட்சை இப்படி மாட்டினால், மழை நாளில் கிரைண்டரின் சின்னக் கசிவும் சேர்ந்து எந்தக் காரணமும் இல்லாததுபோல் வீடே இருட்டாகும். ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய வீட்டில் நிலைமை இன்னும் மோசம். எர்த் ஒயர் எங்காவது அறுந்திருந்தால், அந்த மின்சாரம் போக வழியில்லாமல், அதே எர்த்தோடு இணைந்த ஃபிரிட்ஜ் உடம்பிலும் மோட்டார் உடம்பிலும் வந்து நிற்கும். ஈரக் கையோடு தொடுகிறவருக்கு ஷாக்.

பக்கத்து அறை போர்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்குவதும் சரியில்லை. த்ரீ பேஸ் வீட்டில் அந்த அறை வேறு எம்.சி.பி.யில், வேறு ஆர்.சி.சி.பி.யில் இருக்கலாம். பேஸ் ஒரு வழியாகப் போய் நியூட்ரல் இன்னொரு வழியாகத் திரும்பினால் இரண்டு ஆர்.சி.சி.பி.யும் அதைக் கசிவு என்றே கணக்கிடும். அதைவிட முக்கியம், நாளை யாரோ அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு நிம்மதியாக நியூட்ரல் முடிச்சைப் பிரிப்பார். உங்கள் ஸ்மார்ட் சுவிட்ச் வழியாக அவர் கையில் உயிர் வந்து நிற்கும். இன்வெர்ட்டர் லைன் ஓடும் வீடுகளில் இது கூடுதல் கவனம் கேட்கும், ஏனென்றால் மெயினை அணைத்தாலும் அந்த லைனில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். அந்த லைட்டுக்குப் போகிற அதே சர்க்யூட்டின் நியூட்ரல்தான் அந்த சுவிட்சுக்கு வர வேண்டும். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்ப்பதை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அங்கே கிடைப்பது கண்டிப்பாக அந்த லைட்டின் சொந்த நியூட்ரல்.

ஜங்ஷன் பாக்ஸும் எட்டவில்லை, கூரைப் பெட்டியிலும் இடமில்லை என்றால், நியூட்ரல் வேண்டாத சுவிட்சுக்குப் போகலாம். அப்போதும் எட்டு பத்து வாட்டுக்குக் குறையாத லைட்டுக்கு மட்டும், கூடவே வரும் அந்தக் குறுக்கு மாட்டியோடு, வைஃபையைவிட ஜிக்பீ வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஜிக்பீ ரேடியோவுக்குச் சாப்பாடு குறைவு, அதனால் லைட் வழியாகத் திருட வேண்டியதும் குறைவு. வாங்கும் முன் அந்த அறையில் எரியும் பல்பைக் கழற்றி அதன் அடியில் எத்தனை வாட் என்று பார்த்துவிட்டு, சுவிட்சின் குறிப்பேட்டில் உள்ள குறைந்தபட்ச வாட்டோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவராவிட்டால் அந்த ஒரு அறைக்கு ஸ்மார்ட் பல்பே போதும். சுவர் சுவிட்சை எப்போதும் போட்டபடி விட்டு, யாரும் தவறி அணைக்காமல் அதன்மேல் ஒரு பேட்டரி பொத்தானை ஒட்டிவிடலாம்.